குட்டைத் தட்டும் ஆழக் கிணறும்

பசுமைப் புரட்சி பற்றிய நம் சொல்லாடல்கள் தஞ்சை நெல்லையும் பஞ்சாப் கோதுமையையும் விட்டு அதிகம் நகர்ந்ததில்லை. மல்லசமுத்திரம் போன்ற, கிணற்றை நம்பிய சோளக்காட்டு ஊர்களிலிருந்து அதே வரலாற்றை வாசித்தால் வேறொரு கணக்கு கிடைக்கிறது.

வரவை மறைக்க வேண்டியதில்லை. 1965-66இல் 7.2 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி 1970-71இல் 10.8 கோடி டன்னாயிற்று. முன்னது வறட்சி ஆண்டு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் ஏற்றம்தான்.

1964இல் வெளியான சி.எஸ்.எச்-1 இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம். அதன் தாய்வழி அமெரிக்காவிலிருந்து வந்த ஆண்மலட்டு ரகம். ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை. மணி அதிகம், தட்டு குட்டை. நாட்டுச் சோளம் ஆளுயரம் தாண்டி வளரும்; பகல் குறுகும்போது பூத்து, மழை ஓய்ந்தபின் முற்றும். ஒட்டுச் சோளமோ மழைக்குள்ளேயே முற்றினால் கதிரில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதன் மணியையே விதைத்தால் அடுத்த பயிர் ஒரே சீராக வராது. எனவே வருஷாவருஷம் விதையைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

சரி, மாடு எதைத் திங்கும்? தட்டு மாட்டுக்குத் தீனி. மாடு கவலை இறைக்கும், அதன் சாணி செம்மண்ணுக்கே திரும்பும். மணியை மட்டும் நிறுத்துப் பார்த்த தராசில் இந்தச் சங்கிலிக்கு எடை இல்லை. மாட்டின் இடத்துக்கு மோட்டாரும் சாணியின் இடத்துக்கு யூரியாவும் வந்தன. யூரியா தழைச்சத்தைத் தரும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் மக்கைத் தராது.

மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். மோட்டார் களைப்பதில்லை. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் பின்னர் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானதும் அதை நிறுத்தவும் காரணமில்லாமல் போயிற்று. இங்கே பூமிக்கடியில் கெட்டிப் பாறை. மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கில்தான் தண்ணி தங்கும். அது வற்றியதும் வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள், பிறகு போர் போட்டார்கள். ஆழம் போகப்போகப் பாறையில் வெடிப்புகள் குறைவு, செலவுதான் ஏறும். பக்கத்துத் திருச்செங்கோடு, இந்தியா முழுக்கத் துளைபோட ரிக் லாரிகளை அனுப்பும் ஊரானது தற்செயல் அல்ல.

சோளக்காடு சுருங்கியதற்கு ஒட்டுவிதை மட்டும் காரணமில்லை. ரேஷன் அரிசியும் ஜவ்வரிசி ஆலைகளுக்கான குச்சிக்கிழங்கும் சேர்ந்தே அதைத் தள்ளின. நாட்டுச் சோள வகைகள் பலவற்றின் விதை 1972இல் தொடங்கிய இக்ரிசாட்டின் குளிர் அறையில் இருக்கிறது. விதை அங்கே சாகாது. ஆனால் காட்டில் மழையோடும் பூச்சியோடும் மல்லுக்கட்டி மாறிக்கொண்டே வந்த அதன் வரலாறு அங்கே உறைந்துபோகிறது.

இதைச் சொல்லும்போதே நாட்டுச் சோளக் காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசையையும் சந்தேகிக்க வேண்டும். கவலைக்குத் தோல்பறி தைத்துத் தந்தவர்கள் அருந்ததியர். அவர்களுக்குத் தானியம் கூலியாக மட்டும் வரவில்லை, சாதிக்கட்டோடு சேர்ந்தே வந்தது. மோட்டார் அந்தப் பறியை ஒழித்தது. நிலத்தை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. மண்ணும் தண்ணியும் விதையும் திரும்ப வேண்டும் என்கிறோம். யாரிடம் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.