ஒரே பலகை, பல முதலாளிகள்

இப்போதெல்லாம் டீக்கடை முதல் மருந்துக்கடை வரை எதற்கும் "ஃபிரான்சைஸ் எடுக்கலாம்" என்கிறார்கள். இந்தச் சொல்லை நான் முதலில் படித்தது வியாபாரத்தில் அல்ல, பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பாடத்தில். "ஃப்ரான்" என்றால் கட்டுப்பாடற்றவன், சுதந்திரமானவன். அதிலிருந்து வந்த "ஃப்ரான்ஷீஸ்" என்ற சொல்லுக்குப் பழைய பொருள் விடுதலை, வரிவிலக்கு. இன்றும் பிரெஞ்சில் சுங்கவரி விலக்குக்கு அதே சொல்தான். ஆனால் இன்றைய ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை ஒருவர் வாங்கிப் பார்த்தால், அவருக்கு விடுதலை தரும் வரிகளைவிட அவர் கையைக் கட்டும் வரிகளே அதிகம். கடை அவருடையது, வாடகையும் நஷ்டமும் அவருடையது. வாசலில் தொங்கும் பெயர் மட்டும் வேறொருவருடையது.

அப்படியானால் அந்தப் பெயருக்காக எதையெல்லாம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்? எதைக் கடைக்காரர் தன் விருப்பப்படி செய்யலாம்? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் 1986-இல் ஐரோப்பாவில் கிடைத்தது. காரணம் ஒரு கல்யாண கவுன் வழக்கு.

ப்ரோநுப்சியா என்பது பாரிஸைச் சேர்ந்த ஒரு நிறுவனம். கிறிஸ்தவக் கல்யாணங்களில் மணப்பெண் உடுத்தும் வெள்ளை கவுனும் அதற்கான துணைப்பொருள்களும்தான் அதன் சரக்கு. ஜெர்மனியில் அதற்கு ஒரு கிளை நிறுவனம் இருந்தது. அந்தக் கிளையிடம் ஒரு பெண்மணி ஹாம்பர்க், ஓல்டன்பர்க், ஹனோவர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் உரிமம் எடுத்திருந்தார். அந்த ஊர்களில் வேறு யாருக்கும் அந்தப் பெயரைத் தருவதில்லை, கடை அலங்காரம், ஆள் பயிற்சி, விளம்பரம், கொள்முதல் எல்லாவற்றிலும் உதவுவோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அவர் ஒப்புக்கொண்டவை இவை. தொழில் நுணுக்கத்தைக் கற்றுத்தருவதற்கு நுழைவுக் கட்டணமாக 15,000 மார்க். மொத்த விற்பனையில் 10 சதவீதம் ராயல்டி. கவுன்களிலும் துணைப்பொருள்களிலும் 80 சதவீதம் நிறுவனத்திடமே வாங்க வேண்டும்; மீதியையும் நிறுவனம் ஒப்புக்கொண்ட வியாபாரிகளிடம்தான் வாங்கலாம். ஒப்பந்தத்தில் சொன்ன இடத்தில், நிறுவனம் சொன்ன அலங்காரத்தோடுதான் கடை இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓராண்டுக்குப் போட்டியாக அதே தொழிலைச் செய்யக்கூடாது.

1978 முதல் 1980 வரை அவர் ராயல்டியில் பாக்கி வைத்தார். நிறுவனம் 1,58,502 மார்க் கேட்டு வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றம் பணத்தைக் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டில் அவர் வாதத்தை மாற்றினார். இந்த ஒப்பந்தமே போட்டியை ஒடுக்குகிறது, ரோம் ஒப்பந்தத்தின் 85-ஆவது பிரிவுப்படி செல்லாது, செல்லாத ஒப்பந்தத்துக்கு எதற்கு ராயல்டி என்றார். பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நிறுவனம் மேலே போனது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், இது ஐரோப்பியச் சட்டத்தைப் பற்றிய கேள்வி என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தது.

அங்கே 1986 ஜனவரி 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முழுதும் நல்லது என்றோ கெட்டது என்றோ நீதிபதிகள் சொல்லவில்லை. ஒவ்வொரு நிபந்தனையையும் தனியாக எடுத்து, இது எதற்காக இருக்கிறது என்று கேட்டார்கள். அதில் மூன்று குவியல்கள் பிரிந்தன.

முதல் குவியல், தொழில் நுணுக்கத்தைக் காப்பது. நிறுவனம் தனக்குத் தெரிந்ததை ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் மறுமாதமே பக்கத்தில் வேறு பெயரில் கடை போட்டால் யாரும் இனி எதையும் சொல்லித்தர மாட்டார்கள். ஆகவே ஒப்பந்த காலத்திலும், அது முடிந்து நியாயமான ஒரு காலம் வரையிலும் போட்டிக் கடை கூடாது என்பது சரி. நிறுவனத்தைக் கேட்காமல் கடையை இன்னொருவருக்குக் கைமாற்றக்கூடாது என்பதும் சரி.

இரண்டாவது குவியல்தான் நம் கேள்விக்கு நேரான பதில்: பெயரின் அடையாளத்தையும் மதிப்பையும் காப்பது. சொல்லிக்கொடுத்த முறைப்படி தொழில் செய்வது, ஒப்புக்கொண்ட இடத்தில் சொன்ன அலங்காரத்தில் கடை வைப்பது, விளம்பரத்தை முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் பெறுவது, ஒப்புக்கொண்ட தரத்தில் சரக்கு விற்பது. இவற்றை எந்த முதலாளியும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஹாம்பர்க்கில் கவுன் வாங்கிய பெண்ணின் தங்கை வேறு ஊரில் அதே பெயரைப் பார்த்து உள்ளே நுழைகிறாள். அவளுக்கு அந்தக் கடையின் முதலாளி யாரென்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பெயரை நம்பித்தான் வருகிறாள்.

இங்கே நீதிபதிகள் கவனித்த ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. சரக்கை நிறுவனத்திடமே வாங்கு என்று கட்டாயப்படுத்தலாமா? தரத்தைக் காகிதத்தில் எழுத முடியும் என்றால் அந்தக் கட்டாயத்துக்கு அவசியம் குறைவு. ஹாம்பர்கர் கறித்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டுக்குப் பத்துத் துண்டு, இவ்வளவு கொழுப்பு என்று எழுதிக்கொடுத்துவிட்டால், எந்த வியாபாரி செய்தாலும் தராசில் வைத்துச் சரிபார்க்கலாம். கல்யாண கவுனின் ரசனையை எந்தத் தராசில் வைப்பது? இந்த ஆண்டின் பாணி இது, இது அல்ல என்பதை எழுதிக்காட்ட முடியாது. அப்படிப்பட்ட சரக்குக்கு, நிறுவனத்திடமோ அது தேர்ந்தெடுத்தவர்களிடமோதான் வாங்க வேண்டும் என்று கட்டலாம் என்றது தீர்ப்பு. ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அதே பெயரில் உள்ள இன்னொரு கடைக்காரரிடம் வாங்குவதைத் தடுக்கக்கூடாது. அந்தக் கடையில் இருப்பதும் அதே சரக்குத்தானே. அங்கிருந்து வாங்குவதால் பெயருக்கு என்ன கெடுதல்?

மூன்றாவது குவியல், பெயரைக் காக்கத் தேவையில்லாதவை. இந்த ஊர் உனக்கு, அந்த ஊர் அவனுக்கு என்று சந்தையைப் பங்கு பிரிப்பது அப்படிப்பட்டது. கடை இந்த இடத்தில்தான் என்ற நிபந்தனையும், அங்கே வேறொருவரை விடமாட்டோம் என்ற வாக்குறுதியும் சேர்ந்தால், பரவலாகத் தெரிந்த ஒரு பெயருக்கு அது பங்கு பிரிப்பில்தான் முடியும் என்றார்கள். விலையும் அப்படித்தான். நிறுவனம் விலையைச் சிபாரிசு செய்யலாம். அதையே எல்லாரும் கூட்டாகக் கடைப்பிடிக்கும்படி செய்யக்கூடாது. கவுனின் தையலும் கடையின் சுத்தமும் ஒரே மாதிரி இருந்தால், பத்து மார்க் குறைவாக விற்பதால் பெயர் கெட்டுவிடாது.

அந்தப் பெண்மணி பணம் கட்ட வேண்டுமா என்பதை லக்சம்பர்க் நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டத்தின் பொருளை மட்டும் சொல்லிக் கோப்பை ஜெர்மனிக்கே திருப்பியது. அதே ஆண்டு டிசம்பரில் ப்ரோநுப்சியா தன் ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டு ஐரோப்பிய ஆணையத்திடம் விலக்குப் பெற்றது. 1988-இல் ஆணையம் எல்லா ஃபிரான்சைஸ்களுக்கும் பொதுவாக ஒரு விதி போட்டது. அதன் எலும்புக்கூடு இந்தக் கவுன் தீர்ப்புதான்.

இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, கடைக்காரர் கடைப்பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும்? அதற்கும் பாரிஸிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மக்டொனால்ட்ஸ் 1971-இல் பாரிஸ் உரிமத்தை ரேமோன் தயான் என்பவருக்குக் கொடுத்தது. முதல் கடை 1972-இல் கிரெத்தேய் என்ற புறநகரில் திறந்தது. அப்போது பிரான்சில் ஹாம்பர்கர் விற்குமா என்ற சந்தேகம் இருந்ததால் ராயல்டி 1 சதவீதம்தான். ஆனால் விற்றது, கடைகள் பதினான்கு ஆயின.

1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த பரிசோதகர்கள், சமையலறைச் சுத்தமும் சமையல் முறையும் தங்கள் தரத்தில் இல்லை என்று எழுதினார்கள். தரம், சேவை, சுத்தம் என்ற மூன்று சொற்கள்தான் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு அடித்தளம். சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்கள். பிறகு உரிமத்தை ரத்து செய்யப் போனார்கள். தயான் சிகாகோ நீதிமன்றத்துக்குப் போனார். பாரிஸ் இப்போது பொன்முட்டை இடுகிறது, 1 சதவீதம் போதவில்லை, சுத்தம் என்பது சாக்கு என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. மாற்றக்கூடாதவை என்று எழுதியிருப்பதே, வேண்டாதவரை வெளியேற்றும் கருவியாகவும் ஆகலாம். ஆகவே நீதிமன்றம் சாட்சியங்களையும் சமையலறைப் படங்களையும் பார்த்தது. குறைகள் உண்மையே, நிறுவனம் ரத்து செய்ய நல்ல காரணம் இருந்தது என்று 1982-இல் முடிவு செய்தது. 1984-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

தயானிடமிருந்து யாரும் கடைகளைப் பிடுங்கவில்லை. கட்டடம், அடுப்பு, ஆட்கள் எல்லாம் அவரிடமே இருந்தன. பலகை மட்டும் இறங்கியது. "ஓ'கிட்ச்" என்ற புதுப் பலகை ஏறியது. அதே தெருவில் அதே அடுப்பில் அதே ரொட்டி, ஆனால் நேற்று வரை வந்தவர் இன்று யோசித்துத்தான் உள்ளே வருவார். நிறுவனமோ, பிரான்சில் தன் முதல் கடை 1979-இல் ஸ்ட்ராஸ்பர்கில் திறந்தது என்று கணக்குச் சொல்கிறது. கிரெத்தேய் அந்தக் கணக்கில் இல்லை. பெயரை எடுத்துக்கொண்டவர் அந்தப் பெயரின் வரலாற்றையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

ஓய்வூதியப் பணத்தில் மகனுக்கோ மருமகனுக்கோ ஃபிரான்சைஸ் எடுத்துத்தர நினைக்கும் நண்பர்கள் என்னிடம் ஒப்பந்தத்தைக் காட்டுவது உண்டு. ஐரோப்பியத் தீர்ப்பு நமக்குச் சட்டமல்ல. ஆனால் அந்த நீதிபதிகள் செய்த வேலையை நாமும் செய்யலாம். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். நுணுக்கத்தையும் வாடிக்கையாளர் பெயர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையையும் காக்கும் நிபந்தனைகளை இடது பக்கம் எழுதுங்கள். நிறுவனத்தின் வசூலை மட்டும் காக்கும் நிபந்தனைகளை வலது பக்கம் எழுதுங்கள். இடது பக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். நீங்கள் காசு கொடுத்து வாங்குவதே அதைத்தான். வலது பக்கம் நீண்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேசுங்கள். கடைசியாக ஒன்றை மட்டும் தனியாகத் தேடிப் படியுங்கள்: பலகையை யார், எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் அவகாசம் கொடுத்து இறக்கலாம் என்பது எங்கே எழுதியிருக்கிறது?