நுண்படத்தில் புள்ளி எண்ணுதலும் மாதிரிப் பிழையும்

மெருகேற்றி நைட்டாலால் அரிக்கப்பெற்ற 0.2 சதவீதக் கார்பன் எஃகை நுண்ணோக்கியில் காணும்போது ஃபெரைட் வெளிறியும் பெர்லைட் கறுத்தும் தோன்றும். வெட்டுமுகத்தின் பரப்பில் ஒரு கூறு பெறும் விகிதாசாரமே சராசரியாகக் கனஅளவிலும் அதன் விகிதாசாரம் என்று பாறைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் தெலெஸ் 1847-இல் எடுத்துரைத்தார். பரப்பை அளக்கும் சிரமமும் வேண்டா, ஒழுங்காக அமைந்த புள்ளிகளில் எத்தனை அக்கூறின்மேல் விழுகின்றன என்று எண்ணினாலே போதும் என்பது 1930-களில் கிளாகோலெவ் முதலியோரால் நிலைபெற்றது.

கண்வில்லையில் 25 புள்ளிகள் கொண்ட வலையைப் பொருத்தி, அடுத்தடுத்த இரு புள்ளிகள் ஒரே பெர்லைட் திட்டின்மேல் விழாதவாறு உருப்பெருக்கத்தைத் தேர்ந்து, எல்லைக்கோட்டில் விழும் புள்ளியை அரையென்று கொண்டு, 20 காட்சிப்புலங்களை எண்ணியதாகக் கொள்வோம். மொத்தம் 500 புள்ளிகளில் 120 பெர்லைட்டின்மேல் விழுந்தன என்றால் பங்கு 24 சதவீதம். இதன் பிழையைக் கணிக்கப் புகுவோர் பலர், 500 புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில், √(0.24×0.76/500) என்னும் சூத்திரத்தால் 1.9 சதவீதத் திட்டப்பிழையைப் பெற்று, ஏறத்தாழ ±3.8 என்று எழுதிவிடுகின்றனர். இது பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் உண்மையில் நாம் மாதிரியாக எடுத்தவை புள்ளிகளல்ல, புலங்களே.

புலத்துக்குப் புலம் பங்கு எவ்வாறு மாறுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். வெறும் தற்செயலால் மட்டுமே மாறுமாயின், 25 புள்ளிப் புலங்களின் திட்டவிலக்கம் 8.5 சதவீதத்தை ஒட்டியே இருத்தல் வேண்டும். அது 13 என்று வருமாயின், பெர்லைட் சீராகப் பரவாமல் திரண்டும் பட்டைபட்டையாகவும் கிடக்கிறது என்று கொள்ளலாம். அப்போது உரிய எல்லை, 13-ஐ √20-ஆல் வகுத்து, 20 புலங்களுக்குரிய 2.09 என்னும் காரணியால் பெருக்கிப் பெறும் ±6.1 ஆகும்.

இப்பிழையைக் குறைக்க அதே 20 புலங்களில் 100 புள்ளி வலையை வைப்பது அற்ப பயனே தரும். புலங்களிடையே உள்ள உண்மையான வேறுபாட்டைப் புள்ளிகளின் பெருக்கம் தீண்டாது. ஆகவே 2000 புள்ளிகளை எண்ணியும், அவை யாவும் ஒன்றையொன்று சாராதவை என்றே கொண்டாலும், எல்லை ±5.0 அளவிலேயே நிற்கும். அதே 2000 புள்ளிகளை 80 புலங்களில் 25, 25 ஆகப் பகிர்ந்தால் ±2.9 ஆகக் குறையும்.

ஆயினும் புலங்களைத் தெரிந்தெடுப்பதிலும் விவேகம் அவசியம். உருட்டிய தகட்டில் பட்டைகள் உருட்டுந் திசையிலேயே நீள்வதால், ஒரே பட்டையை ஒட்டிச் செல்லும் புலங்கள் யாவும் ஒத்திருக்கும். திட்டவிலக்கம் சிறுத்துப் பொய்யான நிச்சயத்தைத் தரும். மேடையைத் தகட்டின் தடிப்பின் குறுக்கே சம தூரங்களில் நகர்த்தி, கண்ணுக்கு இனிய இடமென்று எதனையும் தேடாமல் எண்ணுதலே முறை.

அரிப்பு மிகுந்து பெர்லைட்டின் ஓரங்கள் பருத்திருந்தாலோ, எத்தனை புலங்களை எண்ணினும் அப்பிழை புலப்படாது, எல்லா எண்ணிக்கையும் ஒருசேர உயரும். மறுபடி மெருகேற்றி, இலேசாக அரித்து எண்ணும்போது பங்கு தெளிவாக இறங்குமாயின், முதல் எண்ணிக்கையில் அரிப்பும் சேர்ந்தே எண்ணப்பட்டது என்று அறியலாம்.