பழந்தமிழ்ப் பாடல்களில் பூ, புள், மரப் பெயர்கள்

பழந்தமிழ்ப் பாடல்களில் மாந்தருக்கு வழங்கிய பூ, பறவை, மரப் பெயர்களைத் தொகுக்க முனைவோர் முதலில் காண்பது, அகப்பாடல்களின் தலைமக்களுக்குப் பெயரே இல்லை என்பதைத்தான். காதலரைப் பெயர் சுட்டிப் பாடக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. ஆகவே இவ்வகைப் பெயர்கள் மூன்று இடங்களில்தான் கிடைக்கின்றன: பாட்டுக்குள் உவமையாக வரும் பழங்கதைகள், பாடலின் கீழ்த் தொகுத்தோர் குறித்த புலவர் பெயர்கள், பிற்காலக் காப்பியங்கள்.

பழங்கதைகளில் வருபவள் மருதி. ஆதிமந்தியின் கணவன் ஆட்டனத்தியைக் காவிரி அடித்துச் சென்றது. அழுது தேடிய ஆதிமந்திக்கு அவனைக் காட்டிவிட்டுக் கடலுள் புகுந்தவள் மருதி என்று அகநானூற்றில் (222) பரணர் பாடுகிறார். மருதம் ஆற்றங்கரை மரம். ஆறு கொண்டுபோனவனைக் காட்டியவளுக்கு அம்மரத்தின் பெயர் அமைந்தது தற்செயலா, பரணர் கருதிச் செய்ததா என்பதற்குப் பாட்டில் விடையில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதே கதையைச் சொல்லும்போது, ஆதிமந்தி கரிகாலன் மகளாகிறாள். கணவனைக் கடலே கொண்டுவந்து முன்நிறுத்துகிறது. அங்கே மருதிக்கு இடமில்லை.

புலவர் பெயர்களில் பறவை வருவது பெரும்பாலும் பாட்டின் வழியாகத்தான். விருந்து வரக் கரைந்த காக்கையைக் குறுந்தொகையில் (210) பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் இவருடையதே. அப்பெயரில் அறியப்படும் யாப்பிலக்கண ஆசிரியர் வேறொருவர் என்பாரே மிகுதி.

பிசிராந்தையார் பெயரிலுள்ள ஆந்தை பறவைதானா என்பதில் ஐயம் உண்டு. ஆதன் என்பவனின் தந்தை ‘ஆந்தை’ எனப் புணரும் என்பது தொல்காப்பிய விதி. ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளிலும் காணப்படுவதால், இவ்விளக்கமே பொருத்தம் எனத் தோன்றுகிறது. எனினும் இரவுப் பறவையை நினைவூட்டும் பெயர் கொண்ட இவர், கோப்பெருஞ்சோழனிடம் தூது செல்லுமாறு அன்னச்சேவலைத் தம் பெயரைச் சொல்லியே வேண்டும் புறப்பாட்டைப் (67) படிக்கையில் புன்னகை எழாமல் போகாது.

ஒரு பெயரின் பூவை ஆசிரியரே எடுத்துக் கதைக்குள் பயன்படுத்திய தெளிவான சான்று சிலப்பதிகாரத்து மாதவி. மாதவி என்பது குருக்கத்திக் கொடிக்கும் பெயர். மணம் மிக்க அதன் வெண்பூவில் ஓரம் கிழிந்தாற்போன்ற ஐந்து இதழ்கள். ஒன்றில் மட்டும் மஞ்சள் படர்ந்திருக்கும். கொம்போ பந்தலோ பற்றிப் படர்வது அதன் இயல்பு. பற்றுக்கோடு இழந்த பெண்ணுக்குக் கொடியை உவமை சொல்வது தமிழ் மரபில் பழையது. ஆனால் காப்பியம் அவளை உருப்பசி வழியில் வந்த மாதவியின் மரபினளாகவும் சொல்வதால், பெயர் கொடியிலிருந்தே வந்தது என்று உறுதியாகக் கூற இயலாது.

இளங்கோ அந்தக் கொடியைப் பயன்படுத்தும் இடம் புறஞ்சேரி இறுத்த காதை. மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலன் கண்ணகியையும் கவுந்தியையும் விட்டு நீர்நிலைக்குப் போகிறான். மாதவியின் ஓலையோடு வந்த அந்தணன் கோசிகமாணி அவனைப் பார்க்கிறான். ஆனால் துயரால் உருமாறிய அவன் கோவலன்தானா என்று ஐயுறுகிறான். நேரே கேட்கத் தயங்கி, பக்கத்துக் குருக்கத்திப் பந்தரின் கீழ் நின்று கொடியோடு பேசுகிறான். கோவலன் பிரிய வருந்திய மாதவியைப்போல நீயும் வேனிலில் பூவிழந்து வருந்தினாயோ என்பது அவன் சொன்னதன் பொருள். காதில் விழுந்ததும் கோவலன் நெருங்கி, நீ சொன்னது என்ன என்று கேட்கிறான். ஐயம் தீர்கிறது, புகாரில் பெற்றோர் படும் துயரும் மாதவியின் நிலையும் சொல்லப்பட்டு ஓலை கைமாறுகிறது. அந்தணன் கோவலனை அடையாளம் காணவும், வாடிய பெண்ணைக் கோவலன் கண்முன் கொண்டுவரவும் ஒரே பெயர் போதுமானதாகிறது. அக்கொடியை இளங்கோ அங்கே ‘குருகு’ என்கிறார். நீர்ப்பறவைக்கும் அதுவே பெயர். இதில் அவர் ஏதேனும் கருதினாரா என்பது தெளிவில்லை.



உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபின் இப்பெயர்கள் பரவலாக அறியப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் தனித்தமிழ் ஆர்வத்தோடு முல்லை, குறிஞ்சி போன்ற திணைப்பூக்கள் பெண்களின் பெயர்களாயின. மருதி என்ற பெயர் அருகியே வழங்குகிறது.