கழித்தல் குறி பிறந்த கதை

பெங்களூரில் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமி ‘பிரமாணா’ என்ற இயற்பியல் இதழை நடத்துகிறது. அதன் 2001ஆம் ஆண்டுத் தொகுதி ஒன்றில், குவாண்டம் தேடல் முறை தனக்கு எப்படித் தோன்றியது என்று லவ் குரோவரே எழுதியிருக்கிறார். டெல்லி ஐஐடியில் படித்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த முறையை 1996இல் வெளியிட்டார்.

அவர் தொடங்கிய இடம் கணினி அல்ல, ஷ்ரோடிங்கர் சமன்பாடு. நிலையாற்றல் குறைந்த இடத்தை நோக்கித் துகள் நகரும். அப்படியானால் விடை இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் வைத்தால் போதுமே? சமன்பாட்டைச் சிறு கால அடிகளாக வெட்டினால், ஒவ்வோர் அடியிலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பள்ளத்தில் இருக்கும் அலையின் கட்டம் கொஞ்சம் திரும்புகிறது. பிறகு அலை எங்கும் பரவுகிறது. அந்தக் கொஞ்சத்தை அரைச்சுற்றுவரை குரோவர் கூட்டினார். அரைச்சுற்று திரும்பினால் வீச்சின் குறி மாறும். விடைக்குக் கழித்தல், மற்றவற்றுக்குக் கூட்டல். பள்ளம் வெறும் குறியாகிவிட்டது. இந்தக் குறியைப் போடும் சுற்றைத்தான் ஆரக்கிள் என்கிறோம்.

விடை தெரியாமலே விடைக்குக் குறி போடுவது எப்படி? நிபந்தனையை எழுதத் தெரிந்தால் போதும். இரவுப் பணிக்கு மூவரில் ஆள் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். `a`, `b` இருவரிடமும் ஒரே வண்டி. ஒருவர்தான் வர முடியும், ஒருவராவது வந்தாக வேண்டும். சாவி `c`யிடம் இருப்பதால் `c` கட்டாயம். வருவது 1, வராதது 0.

`f = (a ⊕ b) ∧ c`

மொத்தம் எட்டுச் சேர்க்கைகள். `abc` என்ற வரிசையில் விடைகள் 101, 011. தாளிலேயே போட்டுவிடலாம் என்பீர்கள். போடலாம்தான். சிறியதாக இருந்தால்தான் சுற்றின் ஒவ்வொரு கேட்டையும் சரிபார்க்க முடியும்.

அடைப்பை விரித்தால் `ac ⊕ bc`. இப்போது CZ என்ற கேட்டைப் பாருங்கள். இரண்டு க்யூபிட்டும் 1 என்றால் மட்டும் அது குறியை மாற்றும். ஆகவே ஒரு பெருக்கலுக்கு ஒரு CZ. `a`, `b`, `c` முறையே க்யூபிட் 0, 1, 2.

```python
qc.h([0, 1, 2])
qc.cz(0, 2)
qc.cz(1, 2)
```

முதல் வரி எட்டுச் சேர்க்கைகளையும் சம வீச்சில் பரப்புகிறது. அடுத்த இரண்டும்தான் ஆரக்கிள். மூவரும் வரும் 111 என்ன ஆகும்? இரண்டு CZயும் குறியை மாற்றும், கழித்தல் மீண்டும் கூட்டலாகும். அது விடை அல்ல, குறியும் நிற்கவில்லை. `⊕` செய்யும் வேலையைக் குறிகளின் பெருக்கல் தானாகவே செய்துவிடுகிறது.

இந்த இடத்தில் அளந்தால் ஒன்றும் தெரியாது. நிகழ்தகவு வீச்சின் வர்க்கம் என்பதால், எட்டும் எட்டில் ஒரு பங்காகவே வரும். சிமுலேட்டரில் நிலைத்திசையனை எடுத்துக் குறிகளைப் பார்ப்பதுதான் வழி. பிறகு பரவல் படி: ஒவ்வொரு வீச்சையும் சராசரியைச் சுற்றிப் புரட்டுகிறோம். ஆறு +1, இரண்டு −1 என்றால் சராசரி ½. புரட்டியதும் +1 எல்லாம் 0 ஆகும், −1 இரண்டும் 2 ஆகும். அளந்தால் 101 அல்லது 011 மட்டுமே வரும்.

ஆரக்கிளின் ஒரே அழைப்பில் இவ்வளவு சுத்தமாக முடிந்தது, விடைகள் சரியாக நாலில் ஒரு பங்கு என்பதால். இந்திய அறிவியல் கழகத்தின் அபூர்வ படேல் ‘பிரமாணா’வின் அதே தொகுதியில் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். ஒரே விடையைத் தேடும்போது எத்தனை பொருள்களுக்குள் தேடலாம் என்றால், ஓர் அழைப்புக்கு 4, மூன்று அழைப்புக்குச் சுமார் 20.2; மரபணுவில் எழுத்துகள் 4, அமினோ அமிலங்கள் 20. செல்லுக்குள் குவாண்டம் தேடல் நடக்கிறதோ என்பது அவர் ஊகம். ஈர்க்கிறது, ஆனால் சூடும் ஈரமுமான செல்லில் அலைகள் அவ்வளவு நேரம் ஒத்திசைந்து நிற்குமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

நிபந்தனை நீண்டால் விரித்து எழுதுவது கட்டுப்படியாகாது, பெருக்கல்கள் பெருகிவிடும். அப்போது `a ⊕ b` போன்ற இடைவிடையைத் துணைக் க்யூபிட்டில் கணக்கிட்டு, குறி போட்டு, அந்தக் கணக்கைப் பின்னோக்கி ஓட்டி அழிக்க வேண்டும். அழிக்க மறப்பதுதான் வழக்கமான கோளாறு. நம் சுற்றில் மறந்தால், துணைக் க்யூபிட் 0, 1 என்ற இரண்டு கிளைகளின் அலைகள் தமக்குள் குறுக்கிட முடியாது. முடிவில் 100, 101, 010, 011 நான்கும் கால் கால் பங்காக வரும். `a`வும் `b`யும் ஒழுங்காக வேறுபட்டிருக்கும். `c` மட்டும் காசு சுண்டியதுபோல் வரும். அப்படி வந்தால் பரவல் படியைக் குடைய வேண்டாம். அழிக்கும் CNOTகள் இருக்கின்றனவா என்று ஆரக்கிளின் கடைசி வரிகளைப் பாருங்கள்.