மேகக் கணிமையின் கரிமத் தடம்

மேகக் கணிமையின் கரிமத் தடம் என்பது, வாடகைச் சேவையகத்தில் ஒரு பணி செலவிடும் மின்சாரத்தை, அம்மின்சாரத்தின் ஓர் அலகுக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவால் பெருக்கிப் பெறும் தொகையாகும். நிலக்கரியை மிகுதியாகச் சார்ந்த இந்திய மின்கட்டமைப்பில் அது அலகுக்குச் சுமார் 700 கிராம் என்பதால், மாதம் 100 அலகு கொள்ளும் பணி மும்பை வட்டாரத்தில் ஏறக்குறைய 70 கிலோவும், நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மேலோங்கிய ஸ்டாக்ஹோம் வட்டாரத்தில் 5 கிலோவுக்கும் குறைவாகவும் உமிழும். ஆயினும் இடமாற்றம் மட்டும் பணியின் மின்செலவைக் குறைப்பதில்லை; தொலைவினால் மறுமொழியும் தாமதமாகும்.

மின்செலவைக் குறைப்பது அளவுப்பொருத்தம். சும்மா இயங்கும் சேவையகமும் கணிசமான மின்சாரம் கொள்வதால், செயலிப் பயன்பாடு வாரக்கணக்கில் 10 விழுக்காட்டைத் தாண்டாத மெய்நிகர் கணினியை, நினைவகத் தேவையையும் உச்சநேரச் சுமையையும் சரிபார்த்தபின் பாதியாகச் சுருக்கினால், விடுபட்ட இடத்தில் வேறு பணிகள் அமர்ந்து, இயங்க வேண்டிய இயந்திரங்களின் எண்ணிக்கை குறைகிறது.