வணிகக் கப்பல் பணி: கரை திரும்புதல்

வணிகக் கப்பல் அதிகாரியின் சம்பளம் மாதக் கணக்கில் சொல்லப்படுவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். பெரும்பாலான வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை காண்ட்ராக்ட் முறையில் நடக்கிறது. சைன் ஆன் செய்த நாளிலிருந்து ஊதியம் ஓடும். சைன் ஆஃப் ஆகி விடுப்பும் அதற்குரிய ஊதியமும் முடிந்தால் நின்றுவிடும். மாதம் 3 லட்ச ரூபாய் பெறும் ஒருவர் ஆறு மாதம் கப்பலிலும், நான்கு மாதம் சம்பளமின்றி வீட்டிலும் இருப்பதாகக் கொள்வோம். பத்து மாதத்துக்கு 18 லட்சம், அதாவது மாதத்துக்கு 1.80 லட்சம்தான். அடுத்த தேர்வுக்காகக் கரையில் உட்கார்ந்து படிக்கும் மாதங்களில் வருமானமே இராது. 3 லட்சத்தை நம்பி வீட்டுக்கடன் தவணையை வைத்தவருக்கு, விடுப்பு முடியுமுன்பே மீண்டும் கப்பலேற நேரிடும். கரை திரும்புவதைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் இந்தத் தவணைதான்.

ஆனால் சேமிப்பு மட்டும் போதாது; எந்தப் பதவியோடு இறங்குகிறோம் என்பதே கரை வேலையைத் தீர்மானிக்கிறது. இன்ஜின் பிரிவில் தகுதிச் சான்றிதழ் நான்காம் வகுப்பில் தொடங்கி, இரண்டாம் வகுப்பு வழியாக முதல் வகுப்பில் முடிகிறது. கப்பல்களின் பராமரிப்பையும் செலவையும் டிரை டாக் பணிகளையும் கரையிலிருந்து கவனிக்கும் சூப்பரின்டென்டென்ட் வேலைக்கு, பொதுவாக முதல் வகுப்புச் சான்றிதழோடு சீஃப் இன்ஜினியராகப் பணியாற்றிய அனுபவத்தைக் கேட்கிறார்கள். செகண்ட் இன்ஜினியராக இறங்குபவருக்குத் திறமை இருந்தும் அந்தக் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. டெக் பிரிவில் மாஸ்டர் சான்றிதழுக்கும் இதே மதிப்புதான்.

அந்த உயரத்தை எட்டுவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்களே என்பது நியாயமான மறுப்பு. பிரிந்திருந்த ஆண்டுகளை எந்தச் சம்பளமும் ஈடு செய்யாது. ஆகவே முன்பே இறங்க விரும்புபவர் இறங்கலாம். ஆனால் கரையில் வேலை உறுதியான பிறகு இறங்க வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பவும் கப்பலுக்குப் போய்விடலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. சான்றிதழை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க, அந்த ஐந்தாண்டில் 12 மாதமோ கடைசி ஆறு மாதத்தில் மூன்று மாதமோ கடல் சேவை காட்ட வேண்டும். சர்வே போன்ற இணையான வேலை ஏற்கப்படலாம்; இல்லாவிட்டால் பயிற்சியோ தேர்வோ உண்டு. சம்பந்தமில்லாத தொழிலுக்குப் போனவருக்குத் திரும்பும் வழி ஆண்டுக்கு ஆண்டு குறுகுகிறது.

ஐம்பது வயதுவரை சம்பாதித்துவிட்டு ஓய்வெடுத்தால் என்ன என்ற மறுப்பும் உண்டு. மருத்துவத் தகுதிச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்கே செல்லும். இதயக் கோளாறோ கட்டுக்கடங்காத சர்க்கரையோ தெரிந்தால், நாற்பத்திரண்டிலேயே கடல் வாழ்க்கை முடிந்துவிடலாம். எனவே கரை திரும்பும் தேதியைத் தாமே முழுதாக முடிவு செய்ய முடியும் என்று எந்த அதிகாரியும் கணக்குப் போடக்கூடாது. முதல் வகுப்புத் தேர்வைத் தள்ளிப்போடாமல் எழுதிவிடுவதும், வீட்டுச் செலவைச் சராசரி வருமானத்துக்குள் நிறுத்துவதும் கப்பலில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை.