அடைப்பில்லாத குளியலறைக் குழாயில் மலக்குழி மணம்: வற்றிப்போன நீர்த்தடையைத் திரும்ப நிரப்புவது எப்படி?

குளியலறையில் ஊற்றும் தண்ணீர் தங்காமல் ஓடிவிடுகிறது. அடைப்பு எதுவும் இல்லை. ஆனாலும் கதவைத் திறந்தவுடன் மலக்குழி மணம் முகத்தில் அடிக்கிறது. பலர் உடனே அசிட் வாங்கி ஊற்றுகிறார்கள், அல்லது மேசனைக் கூப்பிட்டு நிலத்தை உடைக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் இவை இரண்டும் தேவையில்லை. குழாய்க்குள் இருக்க வேண்டிய சிறிதளவு தண்ணீர் இல்லாமற் போனதே காரணம்.

நிலத்திலுள்ள துளைத்தட்டுக்குக் கீழே குழாய் நேராக மலக்குழிக்குப் போவதில்லை. இடையில் வளைந்த ஒரு பகுதி, அல்லது கிண்ணம் போன்ற ஓர் அமைப்பு இருக்கும். இதைத்தான் ட்ராப் என்பார்கள். குளித்து முடிந்த பிறகும் அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். நல்ல ட்ராப்பில் இதன் ஆழம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர், அதாவது இரண்டு அங்குலம். மலக்குழியிலிருந்து வரும் வாயுவை மறித்து நிற்பது இந்தத் தண்ணீர்தான். அது வற்றினால் மணம் மட்டுமல்ல, கரப்பானும் நுளம்பும் அதே வழியால் வீட்டுக்குள் வரும்.

முதலில் மணம் எந்த வழியால் வருகிறது என்று பிடிக்க வேண்டும். நிலத் துளை, கைகழுவும் பேசின், கொமட் ஆகிய மூன்றிலும் நீர்த்தடை உண்டு. ஒரு பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, நிலத் துளையின் மேல் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் மணம் இல்லையென்றால் அந்தத் துளைதான் காரணம். மணம் அப்படியே இருந்தால் பேசினையும் கொமட்டையும் பாருங்கள். கொமட்டின் அடிப்பகுதி நிலத்தோடு சேரும் இடத்தில் சீமெந்து வெடித்திருந்தாலும் மணம் வரும். நெருப்புக்குச்சி கொளுத்திச் சோதிக்க வேண்டாம். மலக்குழி வாயுவில் எரியக்கூடிய மீதேனும் இருக்கிறது.

எங்கள் ஊர்களில் பல வீடுகளில் குளிக்கும் தண்ணீர் தனிக் குழாயால் வாழைக்குப் போகும். அப்படியான குழாய்க்கும் மலக்குழிக்கும் தொடர்பில்லை. அங்கே மணம் வந்தால், துளைக்குள் படிந்த சவர்க்கார அழுக்கும் தலைமயிருமே காரணமாக இருக்கும். தேய்த்துக் கழுவினால் போதும்.

நீர்த்தடையைத் திரும்ப நிரப்புவது எளிது. துளைத்தட்டைக் கழற்றி, சாதாரண தண்ணீர் இரண்டு லீற்றர் மெதுவாக ஊற்றுங்கள். யன்னலைத் திறந்து விடுங்கள். அறைக்குள் ஏற்கனவே நிறைந்த மணம் போகச் சில மணி நேரம் எடுக்கும். அசிட்டும் பிளீச்சிங் கரைசலும் இங்கே எந்தப் பயனும் தராது. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நச்சுத்தன்மையான குளோரின் வாயு கிளம்பும்.

ஊற்றியபின் எவ்வளவு காலத்தில் மணம் திரும்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காரணத்தைக் காட்டுவது அதுதான். சில வாரங்களுக்குப் பிறகு திரும்பினால், பாவனையில்லாமல் தண்ணீர் ஆவியாகியிருக்கிறது. ஓரிரு நாளில் திரும்பினால், தண்ணீர் எங்கோ கசிகிறது, அல்லது வேறு தண்ணீர் ஓடும்போது இழுபட்டுப் போகிறது. இவற்றைப் பிரித்தறிய ஓர் ஈர்க்கு போதும். அதை ட்ராப்பின் அடிவரை விட்டு எடுத்து, நனைந்த நீளத்தை அளந்து கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களுடைய அறையும் அதோடு சேர்ந்த குளியலறையும் தை மாதத்திலிருந்து பூட்டியிருந்தன. சோழகக் காற்றும் வெயிலும் சேர, ட்ராப் வற்றிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வந்து கதவைத் திறந்தபோது மணம். தாயார் தண்ணீர் ஊற்றினார், மணம் நின்றது. இரண்டு நாளில் திரும்ப வந்தது. ஆவியாவதற்கு இரண்டு நாள் போதாது.

திரும்பவும் நிரப்பி ஈர்க்கை விட்டுப் பார்த்தார்கள். 5 சென்ரிமீற்றர் நனைந்தது. அன்று அந்தக் குளியலறையை யாரும் பாவிக்கவில்லை. மறுநாள் காலையிலும் அதே 5 சென்ரிமீற்றர். ஆகவே கசிவு இல்லை. பிறகு கொமட்டில் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். நிலத் துளைக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. ஈர்க்கு இப்போது 2 சென்ரிமீற்றர்தான் நனைந்தது. கொமட்டுக்கும் நிலத் துளைக்கும் வெளியே ஒரே குழாய். கொமட்டின் தண்ணீர் வேகமாக இறங்கும்போது பின்னால் காற்றுக் கிடைக்காமல் ட்ராப்பின் தண்ணீரையும் சேர்த்து இழுத்திருக்கிறது. வந்தவர்கள் கிணற்றடியில் குளித்து, இங்கே கொமட்டை மட்டும் பாவித்ததால் ட்ராப் திரும்ப நிரம்பவுமில்லை.

வெளியே போய்ப் பார்த்தால், கூரை திருத்தியபோது காற்றுக் குழாயின் வாயைப் பொலித்தீனால் கட்டியது அப்படியே இருந்தது. அதை அவிழ்த்து, நுளம்பு வலை கட்டினார்கள். பிறகு கொமட்டைப் பாவித்தும் ஈர்க்கு முன்போலவே நனைந்தது. காற்றுக் குழாய் இல்லாத வீடுகளில், கொமட்டுக்கு அண்மையில் வெளிக்குழாயிலிருந்து ஒன்றை எடுத்து, கூரை விளிம்புக்கு மேலே, யன்னல்களுக்கு எட்டமாக உயர்த்த வேண்டும். இது குழாய் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. எந்தக் காரணத்துக்காகவும் மலக்குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும்.

யாரும் பாவிக்காத இரவிலேயே ஈர்க்கின் அளவு குறைந்தால் ட்ராப் வெடித்திருக்கிறது, அல்லது பொருத்து விட்டிருக்கிறது. போரில் சேதமடைந்த வீட்டைத் திருத்தும்போது நிலத்துக்குக் கீழிருந்த பழைய குழாயை அப்படியே விட்டிருந்தால் இந்தச் சந்தேகம் கூடுதலாக வர வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் கழிவுநீர் விரைவாகக் கீழிறங்கிக் கிணற்றை அடைந்துவிடும். இங்கேதான் நிலத்தை உடைத்து ட்ராப்பை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில ட்ராப்களில் துளைத்தட்டுக்குக் கீழே கவிழ்த்த கோப்பை போன்ற ஒரு மூடி இருக்கும். அதன் விளிம்பு தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பதால்தான் வாயு மறிக்கப்படுகிறது. துப்புரவு செய்யும்போது தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் எத்தனை வாளி ஊற்றினாலும் மணம் நிற்காது. இவ்வகை ட்ராப்களில் தண்ணீரின் ஆழமும் குறைவு என்பதால் விரைவாக வற்றும்.

பாவிக்காத குளியலறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலத் துளைக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்றி, பேசினிலும் கொமட்டிலும் தண்ணீரைத் திறந்து விட்டால் போதும். மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போவதானால், நிலத் துளையை நிரப்பியபின் இரண்டு மூன்று மேசைக்கரண்டி குழந்தைகளுக்குப் பூசும் பேபி ஒயிலை அதன் மேல் விடுங்கள். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். பேபி ஒயில் கனிய எண்ணெய் என்பதால், தேங்காய் எண்ணெய் போலச் சிக்கல் மணம் எடுக்காது. துளையின் மேல் தண்ணீர்ப் பையையும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டலாம். திறப்பைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுப்பவர்கள் இந்த இரண்டு லீற்றர் கணக்கையும் சொல்லி வைப்பது நல்லது.